நார் மிதியடி: கழுவிக் காயவைத்தும் இரண்டே நாளில் மக்கல் வாடை திரும்புகிறது

ஈரவாசல்
வாசலில் போட்டிருக்கும் தேங்காய்நார் மிதியடி பற்றித்தான். 40க்கு 60 செ.மீ., அடியில் கறுப்பு பிவிசி ஒட்டியது. மழைக்காலச் சேறு முழுக்க ஏறிவிட்டது. ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீர் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, வெயிலில் ஒரு பகல் விரித்துப் போட்டேன். சாயங்காலம் கைக்கு மொறமொறவென்று இருந்தது. திரும்பப் போட்ட இரண்டாம் நாளே பழைய ஈரத்துணி வாடை. இப்படி மூன்று முறை ஆகிவிட்டது. உள்வாசலில் ஒரு வட்டச் சணல் மிதியடியும் இருக்கிறது. அதில் அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். இப்போது அங்கே பழுப்பு வளையம் விழுந்திருக்கிறது. எங்கே தப்பு?

சோப்புநுரை
ரொம்ப சுலபம்ங்க. ஆப்பசோடாவை மிதியடி முழுக்கத் தூவுங்க, மேலே வினிகரை ஊற்றுங்க. பொங்கி வரும் நுரை உள்ளே இருக்கிற அழுக்கையெல்லாம் மேலே தள்ளிவிடும். பத்து நிமிஷம் கழித்துக் கழுவினால் வாடை இருந்த இடம் தெரியாது. அதற்கும் மசியவில்லை என்றால் கொஞ்சம் பிளீச்.

நார்ப்பின்னல்
சோப்புநுரை, இரண்டுமே தனித்தனியாக உதவக்கூடிய சாமான்கள்தான். சேர்த்து ஊற்றினால்தான் வீண். சோடாவும் வினிகரும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கடைசியில் லேசான உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். நுரை பார்க்க வேலை செய்கிற மாதிரி தெரியும். ஒரு அங்குல நார்க்காட்டுக்குள் படிந்த வண்டலைத் தூக்கி வெளியே போடும் பலம் அதற்குக் கிடையாது.

பிளீச் வேண்டவே வேண்டாம். நாருக்கு விறைப்பைத் தருகிற லிக்னினைத்தான் அது முதலில் தின்னும். நார் வெளிறி, கிள்ளினால் ஒடிகிற பதத்துக்கு வந்துவிடும். அதோடு, வினிகர் ஊறிய மிதியடியில் பிளீச்சை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைப் பதம் பார்க்கும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே மிதியடியில் காட்டாதீர்கள்.

ஈரவாசல், ஒரு காரியம் செய்யுங்கள். மிதியடியின் நடுவில், காலை அதிகம் தேய்க்கிற இடத்தில், தலையில் வகிடு எடுப்பதுபோல இரண்டு கட்டைவிரலாலும் நாரைப் பிரித்து அடிவரை பாருங்கள். என்ன தெரிகிறது? சமையலறைத் தராசு இருந்தால் எடையையும் போட்டுச் சொல்லுங்கள். காரணம் அப்புறம் சொல்கிறேன்.

ஈரவாசல்
பார்த்தேன். மேல் பாதி நார் பழுப்பாக, நன்றாகவே இருக்கிறது. அடியில் பிவிசியை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் களிமண் பத்துப்போட்டதுபோல ஒரு படலம். நகத்தால் கீறினால் வருகிறது, ஆனால் பிசுபிசுவென்று ஈரமாக இருக்கிறது. மேலே தொட்டால் ஈரமே இல்லை! எடை 2.3 கிலோ.

நார்ப்பின்னல்
அந்தச் சாம்பல் படலம்தான் உங்கள் வாடை. நார் இல்லை.

தேங்காய்நார் சுலபத்தில் மக்காது. ஆனால் நாருக்கு நடுவே சிக்கிய வண்டல், செருப்பில் வந்த இலைத்துணுக்கு, மிதியடியிலேயே உதிர்ந்த நார்த்தூள் எல்லாம் சேர்ந்து அடியில் ஒரு சேற்றுக் கேக் ஆகிவிடுகிறது. அந்த நார்த்தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். செடித்தொட்டியில் அதைப் போடுவதே அதற்காகத்தானே. இப்போது அந்தத் தொட்டி உங்கள் மிதியடிக்குள் இருக்கிறது. கீழே பிவிசி, தண்ணீர் அந்தப் பக்கம் இறங்க வழியில்லை. மேலே அடர்ந்த நார், காற்று இறங்காது. நுனி காய்ந்துவிடும், வேர் காயாது. பூஞ்சைக்கு ஈரமும் கிடைத்தது, தின்ன மக்கும் கிடைத்தது.

நீங்கள் சோப்புத் தண்ணீர் ஊற்றி மேலே பிரஷ் போட்டபோது மேல்மண்ணும் கரைந்து அடிக்குத்தான் இறங்கியது. ஒவ்வொரு கழுவலிலும் கேக் கொஞ்சம் தடித்தது.

ஆகவே முதல் வேலை தண்ணீர் இல்லாமல். மழை படாத, காற்றோட்டமான இடத்தில் மிதியடியைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, இரண்டு மூன்று நாள் விடுங்கள். களிமண் ஈரமாக இருந்தால் பசை, காய்ந்தால் பொடி. காய்ந்த பிறகு நார்ப்பக்கம் கீழே இருக்கும்படி இரண்டு செங்கல்லுக்கு நடுவே பாலம்போலக் கவிழ்த்து வைத்து, பிவிசி முதுகில் கட்டையால் தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம். சீராக, ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து அடுத்த ஓரத்துக்கு. கீழே பழைய செய்தித்தாள் விரித்திருந்தால் எவ்வளவு விழுகிறது என்று தெரியும். தூள் விழுவது நின்றதும் திருப்பிப் போட்டு, பழைய முள்கரண்டியால் வகிடு வகிடாக அடியைக் கீறிவிட்டு, மறுபடி கவிழ்த்துத் தட்டுங்கள். இரண்டாவது தட்டலில்தான் நிஜமான சரக்கு விழும். மூக்கில் மாஸ்க் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூளில் பூஞ்சையும் பறக்கும்.

ஓரம்கட்டி
இவ்வளவு பாடு எதற்கு? பிரஷர் வாஷரை வைத்து ஒரு நிமிஷம் அடித்தால் அடிமண் மொத்தமும் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்துவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன், மிதியடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

நார்ப்பின்னல்
ஓரம்கட்டி, மிதியடி எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது அது. இந்த வகையில் நார் பின்னப்படவில்லை. இளகிய பிவிசியில் செங்குத்தாக நட்டு இறுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். நேர்க்கோணத்தில், கிட்டத்தில் வைத்து அடித்தால் நட்ட இடத்திலிருந்தே கொத்தாகப் பிடுங்கிவிடும். முனையை ஒரு முழத்துக்கு மேல் தள்ளிப் பிடித்து, சாய்வாக அடித்தால் தப்பிக்கலாம். கயிறாகத் திரித்துப் பின்னிய, அடி ஒட்டாத மிதியடி என்றால் தாராளமாக அடிக்கலாம்.

ஓரம்கட்டி
என்னுடையது பின்னல்தான். அதனால்தான் பிழைத்ததோ என்னவோ. ஆனால் சாய்வாக அடித்தால் பிவிசி வகையும் தாங்கும் என்றுதான் நினைக்கிறேன்.

புதுச்சணல்
எனக்கும் இதே பிரச்சினை. போன வாரம் வாங்கிய சணல் மிதியடி, பிரித்ததிலிருந்து ஒரே வாடை. இன்னும் ஈரமே படவில்லை. இதையும் தட்டிக் கழுவ வேண்டுமா?

நார்ப்பின்னல்
உங்களுடையது இந்தப் பிரச்சினை இல்லை. அந்த வாடை மண்ணெண்ணெய் சாயலில் இருக்கிறதா? சணல் நாரை இளக்கி நூற்பதற்காக ஆலையில் எண்ணெய்க் கலவை தெளிப்பது வழக்கம். அந்த எண்ணெய்தான் புதுச் சாக்கில் வீசுகிற வாடையும். நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள், நாளாக ஆகக் குறையும். கழுவினால் எண்ணெய் போகாது, சணல்தான் கெடும். மக்கல் வாடை வேறு மாதிரி. பூட்டிக்கிடந்த அலமாரியைத் திறந்தால் வருமே, அது.

ஈரவாசல்
தட்டிவிட்டேன். நம்பவே முடியவில்லை. சாய்த்து வைத்துக் காய்ந்தபோதே 2.3 இலிருந்து 2.15 ஆகிவிட்டது. இரண்டு தட்டலும் முடிந்தபின் 1.8 கிலோ. அதாவது செய்தித்தாளில் விழுந்தது 350 கிராம் மண்! முதல் தட்டலில் வந்தது மணல்போல நறநறவென்று. முள்கரண்டி போட்ட பிறகு வந்தது முகப்பவுடர்போல மெல்லிசு. இனிமேலும் கழுவ வேண்டுமா, இப்படியே விட்டுவிடலாமா?

நார்ப்பின்னல்
வாடை இல்லை என்றால் இப்படியே விடலாம். உங்களுக்குப் பூஞ்சை ஏற்கெனவே குடியேறிவிட்டதால் ஒருமுறை கழுவுவது நல்லது. வெயிலோ நல்ல காற்றோ அடுத்த இரண்டு நாளுக்குக் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு தொடங்குங்கள். அது இல்லாமல் கழுவுவதைவிடக் கழுவாமல் இருப்பதே மேல்.

மிதியடியைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். குட்டைப் பக்கம் கீழே இருக்க, ஒரு பலகையில் சாய்த்து நிறுத்துங்கள். ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி போதும். கூடுதலாகப் போட்டால் அதை அலசி எடுக்க முடியாது, நாரில் மிஞ்சும் சோப்பு அடுத்த மண்ணை ஒட்டவைக்கும் பசையாகிவிடும். மேலிருந்து கீழாக மட்டும் பிரஷ் போட்டு, மேல் ஓரத்திலிருந்து தண்ணீரைச் சரிய விடுங்கள். கரைந்த வண்டல் அடியில் நிற்காமல் கீழ் ஓரம் வழியே வடிய வேண்டும். அப்புறம் சோப்பில்லாத தண்ணீரால் இரண்டு அலசு.

ஒன்று கவனியுங்கள். வடிகிற தண்ணீர் கடைசிவரை வெளிர்த் தேநீர் நிறத்தில்தான் இருக்கும். அது அழுக்கு இல்லை, நாரின் சொந்தச் சாயம். தெளியட்டும் என்று ஊற்றிக்கொண்டே இருந்தால் மிதியடி ஊறிப்போகும். கலங்கல் நின்றதா என்று மட்டும் பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ஐந்து நிமிடம் வைத்தால், வண்டல் இருந்தால் அடியில் படியும். படியவில்லை என்றால் நிறுத்திவிடலாம். அந்தச் சாயம் வெளிர்க் கல்தரையில் கறை போடும், இடம் பார்த்துச் செய்யுங்கள்.

வாடைக்கு, ஒரு பங்கு வெள்ளை வினிகர், மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஸ்பிரே பாட்டிலில் எடுத்து, வகிடு பிரித்து அடியில் படும்படி அடித்து, அரைமணி கழித்து ஒரே ஒரு அலசு. மிதியடியில் சாயப் படமோ எழுத்தோ இருந்தால் முதலில் ஓரத்தில் வெள்ளைத் துணியை நனைத்து அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் படத்தின் மீது வினிகர் வேண்டாம்.

சோப்புநுரை
அப்ப வினிகர் சரிதானே! நான் சொன்னதில் பாதி சரி என்று ஒப்புக்கொள்ளுங்க. கல்லுப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, உப்புத் தூவித் தேய்த்தால் கிருமி சாகும்.

நார்ப்பின்னல்
பாதி சரி, ஒப்புக்கொண்டேன். உப்பு வேண்டாம். நாரில் மிஞ்சுகிற உப்பு, காற்று ஈரமாக இருக்கிற நாளில் தண்ணீரை இழுத்துக்கொண்டு மிதியடியை நசநசவென்றே வைத்திருக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே.

ஓரம்கட்டி
எனக்கு வினிகர்மேலும் நம்பிக்கை இல்லை. மண்ணை எடுத்து முழுசாகக் காயவைத்தாலே வாடை நின்றுவிடும். வினிகர் போட்டதால் நின்றது என்று நினைக்கிறோம், நிறுத்தியது காயவைத்ததுதான்.

நார்ப்பின்னல்
அதை மறுக்க என்னிடம் பெரிய ஆதாரம் இல்லை. எல்லாப் பூஞ்சையையும் வினிகர் கொல்லாது என்பது உண்மை. வேரில் பூத்த வெள்ளைப் படலத்தைத் துடைத்தெடுக்க உதவுகிறது என்பதால் விடாமல் செய்கிறேன். இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால், காயவைப்பதைச் செய்யுங்கள்.

தச்சுக்கை
தண்ணீர் இறங்க வழியில்லை என்பதுதானே பிரச்சினை? பிவிசியில் 4 மி.மீ. டிரில் போட்டு வரிசையாக ஓட்டை போட்டால் கீழே வடிந்துவிடுமே.

நார்ப்பின்னல்
வடியும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மிஞ்சியிருக்கும் தண்ணீர் தேங்கி நிற்பதில்லை, நாருக்கும் நாருக்கும் நடுவே பிடித்துக்கொண்டு நிற்கிறது. பஞ்சின் அடியில் ஓட்டை போட்டால் பஞ்சு காயுமா? தவிர, ஓட்டை விழுந்த இடத்து நார் பிடி விட்டுப்போகும்.

தச்சுக்கை
ஓட்டை போட்டு, கீழே ரப்பர் குமிழ் ஒட்டித் தரையிலிருந்து 5 மி.மீ. தூக்கி வைத்தால் காற்று போகும். கேட்டுப் பார்ப்பதைவிடச் செய்து பார்ப்பேன்.

நார்ப்பின்னல்
தூக்கி வைப்பது நல்ல யோசனை, ஓட்டை இல்லாமலேயே. மிதியடிக்கும் தரைக்கும் நடுவிலும் ஈரம் சிக்கும். பல வீடுகளில் வாடை பாதி தரையிலிருந்துதான் வருகிறது. ஆனால் காலை வைத்தால் வழுக்காத குமிழாக இருக்கட்டும்.

குட்டிநாய்
எங்கள் வீட்டு நாய் மிதியடியில்தான் சிறுநீர் போகிறது. இந்த வினிகர் முறை அதற்குப் போதுமா?

நார்ப்பின்னல்
வினிகர் அம்மோனியா நெடியை அமுக்கும், அவ்வளவுதான். மனிதர் மூக்குக்கு வாடை போனாலும் நாய்க்குப் போகாது, அதே இடத்துக்கு மறுபடி வரும். செல்லப்பிராணி சிறுநீருக்கென்று விற்கும் என்சைம் திரவத்தை, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரமாகவே வைத்திருந்து, பிறகு அலசுங்கள். சோப்போ வினிகரோ அதற்கு முன்னால் போடாதீர்கள், என்சைம் வேலை செய்யாமல் போகலாம். சணல் மிதியடி என்றால், மாற்றிவிடுங்கள்.

ஈரவாசல்
கழுவியாயிற்று. வடித்து நிறுத்தியதும் எடை 2.9. எப்படிக் காயவைப்பது என்று சொல்லுங்கள், இந்த முறை கோட்டைவிடக் கூடாது.

நார்ப்பின்னல்
முதலில் நார்ப்பக்கம் ஒரு பழைய டவலை விரித்து, அதன்மேல் ஏறி நின்று மிதியுங்கள். டவல் நனைந்ததும் அடுத்த டவல். முறுக்காதீர்கள், மடிக்காதீர்கள், பிவிசி விரிசல் விடும். பிறகு ஓரத்தில் நிறுத்தி, நார்ப்பக்கம் காற்று அடிக்கும்படி வையுங்கள். காற்று இல்லை என்றால் டேபிள் ஃபேன். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை தலைகீழாகத் திருப்பி நிறுத்துங்கள். தண்ணீர் எப்போதும் கீழ் ஓரத்தில் இறங்கி நிற்கும், திருப்பாவிட்டால் அந்த ஒரு ஓரம் மட்டும் நாள் கணக்கில் ஈரமாகவே இருக்கும். உச்சி வெயிலில் பிவிசி சூடேறிச் சுருளும். சுருண்டால், சூடாக இருக்கும்போதே சமதரையில் கவிழ்த்து மேலே பாரம் வைத்தால் படியும்.

எடையைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

ஈரவாசல்
டவலுக்கு அப்புறம் 2.5. முதல் நாள் சாயங்காலம் 2.2. மறுநாள் மதியம் 1.9. மறுநாள் இரவு 1.8. கழுவுவதற்கு முன்னால் இருந்த அதே எடை, ஆகவே காய்ந்துவிட்டது. வாசலில் போடப் போகிறேன்.

நார்ப்பின்னல்
போடாதீர்கள்! தராசை எடுக்கச் சொன்னதே இந்த இடத்துக்காகத்தான். கழுவியதில் இன்னும் கொஞ்சம் மண் போயிருக்கும் அல்லவா? அப்படியானால் காய்ந்த மிதியடி 1.8 ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும். 1.8 காட்டுகிறது என்றால், போன மண்ணுக்குப் பதிலாகத் தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது. பழைய எடைக்கு வந்ததா என்று பார்க்கக் கூடாது. நான்கு மணிநேர இடைவெளியில் இரண்டு முறை எடை போடும்போது ஒரே எடை காட்டுகிறதா என்று பாருங்கள்.

ஈரவாசல்
சரியாகச் சொன்னீர்கள். மூன்றாம் நாள் மதியம் 1.7, சாயங்காலமும் 1.7. நூறு கிராம் தண்ணீர் உள்ளே இருந்திருக்கிறது, கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. போன மூன்று முறையும் இதைத்தான் செய்திருக்கிறேன் போல.

நார்ப்பின்னல்
இப்போது கடைசிச் சோதனை. ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரை நடுவில் தெளித்து, ஐந்து நிமிடம் கழித்துக் குனிந்து முகர்ந்து பாருங்கள். தேங்காய்மட்டை வாடை வந்தால் மிதியடி சுத்தம். மக்கல் வாடை வந்தால் அந்த இடத்து அடியில் இன்னும் வண்டல் இருக்கிறது. காய்ந்த மிதியடியில் மக்கல் வாடை தெரியாது, அதனால் உலர்வாக முகர்ந்து பார்ப்பதில் பயனில்லை.

சணல் வட்டத்துக்கு வருகிறேன். அதில் இந்த வழிமுறைகள் எதையும் செய்யாதீர்கள். சணல் நனைந்தால் பலம் குறைகிற நார். தண்ணீர் காயும்போது நாரில் கரைந்த பழுப்பு, ஈரம் முடிகிற எல்லையில் போய் நின்று வளையமாகிறது. சோப்பு, சோடா மாதிரிக் காரமான எதுவும் பட்டால் பழுப்பு இன்னும் ஏறும். வளையத்தை மறைக்க ஒரே வழி, எல்லையே இல்லாமல் செய்வது: ஒரு லிட்டர் தண்ணீருக்கு நான்கு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து, மிதியடி முழுவதும் ஒரே சீராக, பூத்தூவலாகத் தெளித்து, டவலால் ஒற்றி, ஃபேன் முன்னால் தூக்கி வைத்து அன்றைக்கே காயவையுங்கள். மங்கும், முழுக்கப் போகும் என்று சொல்ல மாட்டேன். பின்னலைச் சேர்த்துத் தைத்த நூலையும் இழுத்துப் பாருங்கள். பருத்தி நூலாக இருந்தால் ஈரத்தில் சணலுக்கு முன்னால் அதுதான் இற்றுப்போகும்.

சோப்புநுரை
சணலுக்காவது ஆப்பசோடா போடலாமா?

நார்ப்பின்னல்
துளி ஈரமும் இல்லாமல் காய்ந்திருந்தால் மட்டும். மெல்லிசாகத் தூவி, ஒரு மணிநேரம் விட்டு, இரண்டு பக்கமும் வேக்குவம் கிளீனர் போட்டு எடுங்கள். ஈரச் சணலில் தூவினால் வெள்ளைப் பொருக்காகப் பிடித்துக்கொள்ளும், மஞ்சளும் ஏறும்.

ஈரவாசல்
தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். நடுவில் வெறும் மட்டை வாடை, சந்தோஷம். இடது ஓரத்தில், ஒரு கையகலத்துக்கு மட்டும், இன்னும் லேசாக அந்தப் பழைய வாடை. பிரித்துப் பார்த்தால் வேர் கறுத்திருக்கிறது. இடுக்கியால் ஒரு கொத்தை இழுத்தேன், அப்படியே கையோடு வந்துவிட்டது. நடுவில் இழுத்தால் அசையவில்லை.

நார்ப்பின்னல்
அந்த ஓரத்து நார் செத்துவிட்டது, கழுவி மீளாது. கத்தரிக்கோலால் கறுத்த கொத்துகளை அடியோடு வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓரம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பிப் போட்டுப் பாருங்கள். இரண்டு கையகலத்துக்கு மேல் பரவினால் மிதியடியை மாற்ற வேண்டியதுதான்.

தச்சுக்கை
அந்தப் பக்கம்தான் மழைச்சாரல் விழுகிற பக்கமா? அல்லது மிதியடிக்குக் கீழே தரை சரிந்து அந்த ஓரத்தில் தண்ணீர் நிற்கிறதா?

ஈரவாசல்
சாரல் விழுவது வலது பக்கம். தரையை இப்போதுதான் பார்க்கிறேன், ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் இடது பக்கம்தான் ஓடுகிறது. நாளைக்கு ரப்பர் குமிழ் ஒட்டிவிட்டுச் சொல்கிறேன்.